வி.பி.என். போட்டும் படம் ஏன் ஓடவில்லை?

லண்டனில் எம்.எஸ்சி. படிக்கும் என் அக்கா மகன் ஒரு ஞாயிறு இரவு கூப்பிட்டான். குரலிலேயே எரிச்சல் தெரிந்தது.

"மாமா, ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்து வி.பி.என். வாங்கினேன். முதல் நாலு நாள் நம்ம ஊர்ப் படமெல்லாம் ஜோரா ஓடுச்சு. இன்னிக்குத் திறந்தா, வி.பி.என்.ஐ அணைச்சுட்டு வான்னு சொல்லுது. இவங்களுக்கு எப்படி மாமா தெரிஞ்சுது? எல்லாத்தையும் பூட்டி அனுப்புறோம்னுதானே விளம்பரத்துல சொன்னான்?"

நான் நெட்வொர்க் வேலை பார்ப்பவன். வீட்டில் யாருக்கு வைஃபை நின்றாலும் என் போன்தான் அடிக்கும். "பூட்டித்தான் அனுப்புறான்டா. அதுல பொய் இல்ல. பூட்டை யாரும் உடைக்கவும் இல்ல. பெட்டி எந்த வாசல் வழியா வெளியே வந்துச்சுன்னு பார்த்தாங்க, அவ்வளவுதான்" என்றேன்.

அந்த வாசல்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். வி.பி.என். இல்லாதபோது அவன் மடிக்கணினி ஓ.டி.டி. நிறுவனத்தின் சர்வரோடு நேராகப் பேசுகிறது. ஒவ்வொரு கோரிக்கையோடும் அவன் வீட்டு இணைப்பின் ஐ.பி. முகவரியும் போகிறது. முகவரி இல்லாவிட்டால் படத்தை எங்கே திருப்பி அனுப்புவது? வி.பி.என். போட்டதும் அந்தக் கோரிக்கை முதலில் வி.பி.என். நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அதுவரைதான் அந்தக் கூடுதல் பூட்டு. அங்கிருந்து அந்தச் சர்வரின் முகவரியைப் போட்டுக்கொண்டு ஓ.டி.டி.யிடம் போகிறது.

ஆகவே வி.பி.என். உங்களை மறைப்பது உங்கள் இணைய நிறுவனத்திடமிருந்தும், ஹோட்டல் வைஃபையில் ஒட்டுக் கேட்பவரிடமிருந்தும்தான். ஓ.டி.டி.யிடம் உங்கள் வீட்டு முகவரிக்குப் பதில் வேறொரு முகவரியைக் காட்டுகிறது. அந்த வேறொரு முகவரி எப்படிப்பட்டது என்று ஓ.டி.டி. விசாரிக்கத் தொடங்கினால், அதைத் தடுக்க எந்தப் பூட்டாலும் ஆகாது.

யாருக்காக இந்தக் காவல்?

மாதச் சந்தா கட்டியவரை எதற்கு விரட்ட வேண்டும்? சென்னையில் இருந்து பார்த்தால் என்ன, லண்டனில் இருந்து பார்த்தால் என்ன? பார்வையாளருக்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு விடை, படம் விற்கப்படும் முறையில் இருக்கிறது.

நமக்குப் பழக்கமான ஐ.பி.எல். கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமையை 2022 ஜூனில் ஏலம் விட்டார்கள். மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஆனால் அது ஒரே பொருளாக விற்கப்படவில்லை. இந்தியத் துணைக்கண்டத்துக்கான டி.வி. உரிமையை 23,575 கோடிக்கு ஸ்டார் எடுத்தது. அதே நிலப்பரப்புக்கான டிஜிட்டல் உரிமையை 20,500 கோடிக்கு வயாகாம்18 எடுத்தது. வெளிநாடுகளுக்கான உரிமை தனிப் பொட்டலம்; பிரதேசம் பிரதேசமாகப் பிரித்து விற்றார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலியவை வயாகாம்18-க்கும், அமெரிக்காவும் மேற்கு ஆசியாவும் டைம்ஸ் இன்டர்நெட்டுக்கும் போயின.

அமெரிக்க உரிமைக்குப் பணம் கட்டியவர் இடத்தில் நின்று பாருங்கள். அங்கே குடியிருக்கும் ரசிகர் வி.பி.என். போட்டு, இந்தியாவின் மலிவுச் சந்தாவில் அதே ஆட்டத்தைப் பார்த்துவிட்டால், அவர் வாங்கிய உரிமைக்கு என்ன மதிப்பு? அடுத்த ஏலத்தில் அவர் விலையைக் குறைப்பார், அல்லது வரவே மாட்டார். அதனால்தான் உரிமையை விற்பவர், உன் எல்லைக்கு வெளியே ஒழுகாமல் பார்த்துக்கொள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார். சினிமாவுக்கும் இதே கதைதான். தமிழ்ப் படம் ஒன்றின் இந்திய ஓ.டி.டி. உரிமை ஒருவரிடமும், வெளிநாட்டு உரிமை வேறொருவரிடமும் இருப்பது சாதாரணம்.

நெட்ஃப்ளிக்ஸின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் அது 2015 மார்ச்சில்தான் கடை திறந்தது. அதற்கு முன்பே ஏராளமான ஆஸ்திரேலியர்கள் வி.பி.என். வழியாக அமெரிக்கச் சந்தாவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோனி நிறுவனத்தின் கணினிகளை 2014-இல் யாரோ சூறையாடி, அதன் மின்னஞ்சல்கள் வெளியே வந்தபோது ஒரு விஷயம் அம்பலமானது. இந்த ஆஸ்திரேலிய ஒழுக்கை நெட்ஃப்ளிக்ஸ் கண்டும் காணாமல் இருக்கிறது என்று சோனியின் அதிகாரிகள் தங்களுக்குள் பொருமியிருந்தார்கள். அதே படங்களை ஆஸ்திரேலியாவில் விற்கும் வாய்ப்பு அவர்களுக்கு அடிபட்டது.

2016 ஜனவரி 6 அன்று நெட்ஃப்ளிக்ஸ் ஒரே நாளில் இந்தியா உள்பட 130 நாடுகளில் புதிதாகக் கால் வைத்தது. எட்டு நாள் கழித்து, ஜனவரி 14 அன்று, அதன் அதிகாரி டேவிட் ஃபுல்லகர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: வரும் வாரங்களில், பிராக்ஸி, அன்பிளாக்கர் பயன்படுத்துவோர் தாங்கள் இப்போது இருக்கும் நாட்டின் படங்களை மட்டுமே பார்க்க முடியும். உலகம் முழுக்க ஒரே பட்டியல் தருவதே தங்கள் ஆசை என்றும், அது வரும்வரை நாட்டுக்கு நாடு பிரித்துத்தான் தரவேண்டியிருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். விரும்பிச் செய்கிற காவல் இல்லை, படம் தருபவர்களுக்காகச் செய்கிற காவல்.

இதிலிருந்து ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓ.டி.டி.க்கு நூற்றுக்கு நூறு பேரையும் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. உரிமை கொடுத்தவர் கேட்டால், முறையாகக் காவல் காத்தோம் என்று காட்டும் அளவுக்குப் பிடித்தால் போதும். வி.பி.என். சில நாள் ஓடி, சில நாள் நிற்பதன் இரகசியம் பாதி இதில்தான் இருக்கிறது.

முகவரிக்குச் சொந்தக்காரர் உண்டு

மீதிப் பாதி தொழில்நுட்பம். ஐ.பி. முகவரி என்றதும் அது எந்த ஊர் என்றுதான் பலரும் யோசிக்கிறார்கள். ஓ.டி.டி. அதற்கும் முன்னால் பார்ப்பது, அது யாருடையது என்பதை. இணையத்தில் உள்ள ஒவ்வொரு பெரிய நெட்வொர்க்குக்கும் ஓர் எண் உண்டு, ஏ.எஸ். எண் என்பார்கள். எந்த முகவரி எந்த எண்ணுக்குள் வருகிறது என்பது ஒளிவுமறைவில்லாத பொதுத் தகவல். நீங்களே பார்க்கலாம். உலாவியில் ipinfo.io தளத்தைத் திறந்தால் போதும். கட்டளை அடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரே வரி:

```
curl ipinfo.io/org
```

பி.எஸ்.என்.எல். இணைப்பில் இருந்து அடித்தால் `AS9829 National Internet Backbone` என்று வரும். பார்த்தவுடனே தெரியும், இது வீடுகளுக்கு இணைப்புத் தரும் நிறுவனம். டிஜிட்டல்ஓஷன் என்ற நிறுவனத்தில் வாடகைக்கு எடுத்த சர்வரில் இருந்து அடித்தால் `AS14061 DigitalOcean, LLC` என்று வரும். அது சர்வர்களை வாடகைக்கு விடும் டேட்டா சென்டர். அங்கே கட்டிலும் இல்லை, சோபாவும் இல்லை. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு டேட்டா சென்டரில் உட்கார்ந்து யார் படம் பார்ப்பார்கள்?

பெரும்பாலான வி.பி.என். நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இப்படிப்பட்ட டேட்டா சென்டர்களில்தான் வாடகைக்கு வைத்திருக்கின்றன. விலை குறைவு, வேகம் அதிகம், ஒரே நாளில் நூறு சர்வர் வேண்டுமானாலும் கிடைக்கும். அந்த வசதியே காட்டிக்கொடுக்கிறது. டேட்டா சென்டர் முகவரிகள் எவை என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, அங்கிருந்து வரும் கோரிக்கைகளைச் சந்தேகக் கணக்கில் வைத்தால், காவல் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

அந்தப் பட்டியலை ஓ.டி.டி. நிறுவனம் தானே உட்கார்ந்து எழுதவேண்டியதும் இல்லை. அதை விற்பதற்கென்றே கம்பெனிகள் உண்டு. மேக்ஸ்மைண்ட் என்ற அமெரிக்க நிறுவனம் எந்த முகவரி எந்த நாடு என்ற தரவோடு, எந்த முகவரி வி.பி.என்., எது பிராக்ஸி என்ற தரவையும் விற்கிறது. இணையத்தில் படங்களைச் சுமந்து சேர்க்கும் அகமாய், ஜியோகார்ட் என்ற நிறுவனத்தின் தரவைக் கொண்டு பிராக்ஸியைக் கண்டறியும் வசதியைத் தன் வாடிக்கையாளர்களுக்குத் தருகிறது. இத்தகைய பட்டியல் தயாரிப்பதில் மந்திரம் ஒன்றுமில்லை. என் அக்கா மகனைப் போலவே ஒரு சந்தா வாங்கி, ஆப்பில் உள்ள சர்வர்களை ஒவ்வொன்றாகத் தட்டி, ஒவ்வொரு முறையும் வெளியே தெரியும் முகவரியைக் குறித்துக்கொண்டால் ஆயிற்று. பணம் கட்டும் எவருக்கும் வி.பி.என். நிறுவனம் தன் வாசலைத் திறந்துதான் ஆக வேண்டும். காவல்காரரும் பணம் கட்டலாமே.

ஒரே வாசலில் எத்தனை பேர்?

பட்டியலில் இல்லாத புது முகவரியும் வெகுநாள் தப்பாது. அதைக் காட்டிக்கொடுப்பது கூட்டம். ஒரு வீட்டு முகவரியில் இருந்து எத்தனை ஓ.டி.டி. கணக்குகள் உள்ளே வரும்? இரண்டு, மூன்று, கூட்டுக் குடும்பமானால் ஐந்து. வி.பி.என். சர்வரின் ஒரே முகவரிக்குப் பின்னால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள்.

அப்படியானால் கூட்டத்தைக் கண்டாலே தடுத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. நம்முடைய மொபைல் நிறுவனங்களும் கூட்டத்தை ஒரே முகவரிக்குள்தான் அடைக்கின்றன. பழைய முறையிலான ஐ.பி. முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் 429 கோடிதான். போன் வைத்திருப்போர் அதைவிட அதிகம். ஆகவே ஒரே தெருவின் நூறு வீட்டுக்கும் ஒரே கதவு எண் என்பதுபோல, பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே வெளிமுகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். சி.ஜி.நாட் என்பது இதன் பெயர்.

எனவே கூட்டத்தின் அளவோடு, அதன் முகத்தையும் பார்க்க வேண்டும். மொபைல் நிறுவனத்தின் முகவரிக்குப் பின்னால் இருப்பவர்கள் அந்த நாட்டிலேயே கணக்குத் தொடங்கியவர்கள், அந்த நாட்டு வங்கி அட்டையில் பணம் கட்டுபவர்கள், அந்த ஊர் நேரத்துக்குத் தூங்கி எழுபவர்கள். வி.பி.என். வாசலில் நிற்கும் கூட்டம் வேறு மாதிரி. ஒருவர் அட்டை பிரிட்டன், ஒருவர் கனடா, ஒருவர் துபாய். ஒருவர் காலையில் மெல்போர்னில் இருந்து வந்தார். மதியம் இதே "மும்பை" வாசலில் நிற்கிறார். இப்படி நூறு கணக்குகள் ஒரே முகவரியில் சேர்ந்தால், பட்டியல் எதுவும் இல்லாமலே அது என்ன வாசல் என்று புரிந்துவிடும். ஆளைப் பிடிக்க வேண்டியதே இல்லை. வாசலைப் பூட்டினால் போதும்.

முதல் நாலு நாள் ஓடியது ஏன், ஐந்தாம் நாள் நின்றது ஏன் என்பதற்கு இது நல்ல விளக்கம். அந்த முகவரி புதிது. கூட்டம் சேர நாலு நாள் ஆயிற்று.

ஒன்பது மில்லி செகண்டில் மும்பை

அக்கா மகனிடம் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். "நீ தட்டின அந்த இந்தியா சர்வரோட முகவரி ஆப்ல இருக்கும். வி.பி.என்.ஐ அணைச்சுட்டு, லண்டன்ல இருந்தபடியே அதுக்கு `ping` அடி. பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு சொல்லு."

"ஒன்பது மில்லி செகண்ட் மாமா. ரொம்ப வேகம்!"

"வேகம் இல்லடா, அது மும்பையிலேயே இல்ல."

கணக்கைப் பாருங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். லண்டனுக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 7,200 கிலோமீட்டர். போய்த் திரும்ப 14,400. வழியில் எங்கேயும் நிற்காமல், வளையாமல் ஓடினாலும் 72 மில்லி செகண்ட் ஆகும். உண்மையான கேபிள் வளைந்துதான் வருகிறது, நூறுக்கு மேல் ஆகும். ஒன்பதில் பதில் வந்தால், அந்தச் சர்வர் லண்டனுக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது. இந்தியா என்று பெயர்ப் பலகை மட்டும் மாட்டியிருக்கிறது.

இது மோசடி அல்ல. இதற்கொரு வரலாறு உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என். நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுத்த ஐ.பி. முகவரி எல்லாவற்றையும் 5 ஆண்டுகள் பதிந்து வைக்க வேண்டும் என்றது. பதிவே வைப்பதில்லை என்று சொல்லி விற்பவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் முதலியவை தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. பதிலாக, சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் இருக்கும் சர்வர்களுக்கு இந்திய முகவரி கொடுத்து இந்தியா வழி என்று வழங்குகிறது எக்ஸ்பிரஸ்விபிஎன். முகவரிக்கு உரியவர் இது இந்தியா என்று எழுதிக் கொடுத்தால், ஊர் காட்டும் தரவுத்தளங்கள் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்ளும். ஒளி ஏற்றுக்கொள்ளாது.

ஓ.டி.டி. பக்கத்தில் இருந்தும் இதே அளவுகோலைப் பயன்படுத்த முடியும். மும்பை வீட்டுக்காரர் ஒருவர் மும்பையில் உள்ள சர்வரோடு கைகுலுக்க இருபது, முப்பது மில்லி செகண்டுக்கு மேல் ஆகக் கூடாது. என் அக்கா மகன் சிங்கப்பூர் வழியாக வந்தால், லண்டனிலிருந்து சிங்கப்பூர் 10,800 கிலோமீட்டர், அங்கிருந்து மும்பை 3,900. போகவர 29,400 கிலோமீட்டர். ஒளிக்கே 147 மில்லி செகண்ட். இந்திய முகவரி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் இவ்வளவு தாமதமாகக் கை நீட்டுகிறவரைச் சந்தேகிக்கலாம். ஆனால் மோசமான மொபைல் சிக்னலிலும் இதே தாமதம் வரும் என்பதால், தாமதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மற்ற சந்தேகங்களோடு சேர்த்துத்தான் இதற்கு எடை.

போனில் ஆப் வழியாகப் பார்த்தால் காவல் இன்னும் எளிது. ஆப்புக்கு ஜி.பி.எஸ். அனுமதி கொடுத்திருப்பீர்கள். ஐ.பி. முகவரி மும்பை என்கிறது, ஜி.பி.எஸ். கிராய்டன் என்கிறது. விளையாட்டு ஒளிபரப்பும் ஆப்கள் இருப்பிட அனுமதியை வற்புறுத்திக் கேட்பதற்கு இதுவும் காரணம்.

புது முகவரி எத்தனை நாள் தாங்கும்?

வி.பி.என். நிறுவனங்களும் சும்மா இருப்பதில்லை. ஒரு முகவரி அடைபட்டால் வேறு முகவரியை வாடகைக்கு எடுத்து மாட்டுகிறார்கள். நீங்கள் வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், இந்த சர்வரை விடுங்கள், அந்த சர்வரைத் தட்டுங்கள் என்று சொல்வது இதனால்தான். ஆனால் இந்தப் போட்டியில் இரு பக்கமும் சமமில்லை. வி.பி.என்.காரர் ஒவ்வொரு முகவரிக்கும் வாடகை கொடுக்கிறார். ஓ.டி.டி.யோ 256 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியை முழுசாக ஒரே வரியில் பட்டியலில் சேர்த்துவிடலாம். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சிலர் வீட்டு முகவரிகளையே விற்கிறார்கள். உண்மையான பிராட்பேண்ட் வீட்டின் முகவரி வழியாக உங்களை வெளியே அனுப்புவார்கள். ஏ.எஸ். எண்ணைப் பார்த்தாலும் சந்தேகம் வராது. ஆனால் அந்த வீடு யாருடையது என்று கேட்க வேண்டும். 2015-இல் ஹோலா என்ற பிரபலமான இலவச வி.பி.என். செய்த காரியம் வெளியே வந்தது. இலவசமாகப் பயன்படுத்தியவர்களின் வீட்டு இணைப்பையே லுமினாட்டி என்ற பெயரில் வேறு வாடிக்கையாளர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. 2024 மே மாதம் அமெரிக்க அரசு முடக்கிய 911 எஸ்5 என்ற வலைப்பின்னல் இன்னும் மோசம். மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவச ஆப்களுக்குள் நஞ்சை வைத்து, உலகம் முழுக்க 1.9 கோடி ஐ.பி. முகவரிகளோடு தொடர்புள்ள கணினிகளைக் கைப்பற்றி, அவற்றை வாடகைக்கு விட்டிருந்தார்கள். குற்றவாளிகள் அந்த வீடுகளின் முகவரியில் திருடினார்கள். இலவச வி.பி.என். போட்டு படம் பார்ப்பவர், தன் வீட்டு வாசலை யாரிடம் கொடுத்தோம் என்று அறியாமலே கொடுத்துவிடலாம்.

தப்பு செய்யாதவர் தலையிலும் விழும்

முகவரியைப் பார்த்துத் தடுப்பதில் இன்னொரு சிக்கல், முகவரி ஆள் அல்ல. 2016 ஜூனில் இது அமெரிக்காவில் நடந்தது. தங்கள் இணைய நிறுவனம் புதிய ஐ.பி.வி6 முறையைத் தராததால், ஹரிகேன் எலக்ட்ரிக் என்ற நிறுவனத்தின் இலவசச் சுரங்க வழியை நாள்பட்ட நெட்வொர்க் ஆர்வலர்கள் பலர் வீட்டில் வைத்திருந்தார்கள். நாட்டை மாற்றிக் காட்டும் எண்ணமே இல்லை. ஆனால் நெட்ஃப்ளிக்ஸ் அந்த முகவரிகளைப் பிராக்ஸி என்று கொண்டு தடுத்துவிட்டது. சொந்த நாட்டில், சொந்த வீட்டில் இருந்தவர்களுக்குப் படம் நின்றது. 2021 ஆகஸ்டில், வி.பி.என்.கள் பயன்படுத்திய வீட்டு முகவரிகளையும் நெட்ஃப்ளிக்ஸ் கட்டுப்படுத்தத் தொடங்கியபோது, வி.பி.என். என்றால் என்னவென்றே அறியாத சந்தாதாரர்கள் சிலருக்குப் பட்டியல் சுருங்கிப்போனது.

உங்களுக்கும் இப்படி வரலாம். வி.பி.என். இல்லாமலே அந்த எச்சரிக்கை வந்தால், முதலில் போனிலோ உலாவியிலோ மறந்துபோன வி.பி.என். நீட்சி எதுவும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஐபோனில் பிரைவேட் ரிலே இருந்தால் அணைத்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். மொபைலில் ஓடி, வைஃபையில் ஓடாவிட்டால் குறை உங்கள் கருவியில் இல்லை, வீட்டு இணைப்பின் முகவரியில். ரவுட்டரை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் போட்டால் வேறு முகவரி கிடைக்கக்கூடும். கிடைக்காவிட்டால், இணைய நிறுவனத்திடம் இந்த முகவரி பிராக்ஸியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று இதே சொற்களில் கேளுங்கள். படம் வரவில்லை என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை மாற்றச் சொல்வார்கள்.

எதை எதிர்பார்க்கலாம்?

காசு கொடுத்து வி.பி.என். வாங்குபவர் நடைமுறையில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெட்ஃப்ளிக்ஸ் இன்று பல நேரம் முற்றாகக் கதவடைப்பதில்லை. வி.பி.என். என்று தெரிந்தால், உலகம் முழுவதற்கும் தன்னிடம் உரிமை உள்ள படங்களை மட்டும் காட்டுகிறது. ஸ்க்விட் கேம் ஓடும். நீங்கள் தேடி வந்த ஊர்ப் படம் பட்டியலில் இருக்காது. எச்சரிக்கையாக வந்தால் M7111-5059 போன்ற எண்ணோடு வரும். விளம்பரத்தோடு வரும் மலிவுத் திட்டத்திலும் நேரலைகளிலும் வி.பி.என்.க்கு இடமில்லை என்று அதன் உதவிப் பக்கமே சொல்கிறது. விளம்பரம் கொடுப்பவர் ஒரு குறிப்பிட்ட நாட்டுப் பார்வையாளருக்குத்தான் பணம் கொடுக்கிறார் என்பதை நினைத்தால் இது புரியும்.

நேரலை விளையாட்டில் நம்பிக்கையே வைக்காதீர்கள். ஆட்டத்தின் மதிப்பு அந்த மூன்று மணி நேரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் காவலும் கடுமை, வாசலில் கூட்டமும் அதிகம். இறுதி ஓவரில் அடைபட்டால் வேறு சர்வர் தேடுவதற்குள் கோப்பையைத் தூக்கியிருப்பார்கள்.

வெளிநாட்டில் குறுகிய காலம் இருக்கும் சந்தாதாரருக்கு இது அநியாயம்தான். ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு ஒரு வழி செய்தது. 2018 ஏப்ரல் 1 முதல், ஒன்றியத்தின் ஒரு நாட்டில் சந்தா கட்டியவர் இன்னொரு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போனால், அவருடைய சொந்த நாட்டுப் பட்டியலையே அங்கும் தர வேண்டும் என்று சட்டம். நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், வி.பி.என். சண்டைக்கு நான் கண்ட ஒரே ஒழுங்கான தீர்வு அதுதான். ஆனால் அது அந்த நாடுகளுக்குள் மட்டும். லண்டன் மாணவனுக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் வி.பி.என். வைத்திருப்பது குற்றமில்லை, படத்துக்காக நாட்டை மாற்றிக் காட்டுவது ஓ.டி.டி.யின் நிபந்தனைகளுக்கு மாறானது. வளைகுடாவில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், குற்றம் செய்வதற்கோ அதை மறைப்பதற்கோ ஐ.பி. முகவரியை மாற்றினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்கிறது. ஒரு படத்துக்காக அந்த எல்லைக்கோட்டில் போய் நிற்க வேண்டாம்.

அக்கா மகன் இரண்டு வருடப் பணத்தைத் திரும்பக் கேட்டான். பணம் திருப்பித் தரும் 30 நாள் கெடு முடியாததால் தப்பித்தான். அவன் தேடிய படம் பிரிட்டனில் வேறொரு தளத்தில் வாடகைக்கு இருந்தது. எந்தப் படம் எந்த நாட்டில் யாரிடம் இருக்கிறது என்று தேடித் தரும் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தோம்.

"அப்ப வி.பி.என். வாங்கவே கூடாதா மாமா?" என்றான்.

ரயில் நிலைய வைஃபையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் வாங்கட்டும். அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. படத்துக்காகத்தான் வேண்டும் என்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். இன்று திறக்கிற வாசல் அடுத்த வாரமும் திறக்கும் என்று எந்த வி.பி.என். நிறுவனத்தாலும் உறுதி தர முடியாது. பூட்டுச் சாவி அவர்கள் கையில் இல்லை.